கரிசல் பதமும் டிராக்டர் கணக்கும்

டிராக்டரையும் அதன் பின்னால் மாட்டும் கருவியையும் தேர்ந்தெடுக்கும் கணக்கு, மண் உழவுக்கு ஏற்ற பதத்தில் எத்தனை நாள் நிற்கும் என்ற கேள்வியில் தொடங்குகிறது. அந்த நாட்களுக்குள் வேலை முடிய வேண்டுமானால் மணிக்கு எத்தனை ஏக்கர் ஓட்ட வேண்டும் என்பது தெரிந்துவிடும். அதிலிருந்து கருவியின் அகலம் கிடைக்கும். அகலமும் ஆழமும் தெரிந்தால் மண் எவ்வளவு எதிர்த்து நிற்கும் என்பது தெரியும். அந்த எதிர்ப்பை வைத்துத்தான் டிராக்டரின் எடையையும் எஞ்சின் சக்தியையும் முடிவு செய்ய வேண்டும். வேளாண் பொறியியல் வகுப்பில் களத்திறன், இழுவிசை, எஞ்சின் திறன் என்று மூன்று தனித்தனிப் பாடங்களாக வருவது, நிலத்தில் ஒரே சங்கிலி. கடைக்குப் போகும்போது பெரும்பாலும் இந்தச் சங்கிலியைத் தலைகீழாகப் பிடிக்கிறார்கள். முதலில் எச்.பி. முடிவாகிறது, பிறகு அதற்கு ஒரு கலப்பை வாங்கப்படுகிறது, எத்தனை நாளில் வேலை முடியும் என்பது மழை பெய்த பிறகுதான் தெரிகிறது.

இந்தச் சங்கிலியைப் புரிந்துகொள்ளக் கோவில்பட்டி வட்டாரத்துக் கரிசல் நிலம் நல்ல எடுத்துக்காட்டு. கரிசல் மண்ணில் களிப்பங்கு மிகுதி. மழை பெய்த மறுநாள் இறங்கினால் கொழுவிலும் டயரிலும் சேறு அப்பிக்கொள்ளும். ஒரு வாரம் கழித்து இறங்கினால் மேல்மண் இறுகி, உழும்போது கட்டி கட்டியாகப் பெயரும். கையில் எடுத்து உருட்டினால் உருண்டை பிடித்து, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் நிற்பது சில நாட்கள்தான். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைக்கும் மானாவாரி நிலத்தில் அந்தச் சில நாட்களைத் தவறவிட்டால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். அடுத்த மழை வரும்போது பருவம் பிந்தியிருக்கும்.

முப்பது ஏக்கர் கரிசல் வைத்திருக்கும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளலாம். கோடையில் ஒரு முறை ஆழ உழுதாகிவிட்டது. பருவமழை பெய்து பதம் வந்ததும் கொத்துக்கலப்பையால் ஓர் உழவு ஓட்டி, களையைப் புரட்டி, உடனே விதைப்புக் கருவியால் விதைக்க வேண்டும். பதம் ஐந்து நாள் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளில் வண்டி உண்மையாகவே வயலில் ஓடுவது ஏழு மணி நேரம். டீசல் ஊற்றுவது, கிரீஸ் அடிப்பது, ஒரு புஞ்சையிலிருந்து இன்னொரு புஞ்சைக்குப் போவது எல்லாம் இந்த ஏழு மணிக்கு வெளியே. ஆக 35 மணி நேரத்துக்குள் முப்பது ஏக்கரை உழுது விதைத்து முடிக்க வேண்டும்.

மணிக்கு எத்தனை ஏக்கர்?

ஒரு கருவி ஒரு மணி நேரத்தில் முடிக்கும் பரப்புதான் அதன் களத்திறன். கணக்கு எளிது: கருவியின் அகலத்தை மீட்டரிலும் வேகத்தை மணிக்குக் கிலோமீட்டரிலும் எடுத்துப் பெருக்கி, பத்தால் வகுத்தால் மணிக்கு எத்தனை ஹெக்டேர் என்று வரும். ஊரில் 'ஒன்பது கலப்பை' என்று சொல்லும் ஒன்பது கொழுக் கொத்துக்கலப்பையில் கொழுவுக்குக் கொழு 22.5 சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் அகலம் ஏறத்தாழ இரண்டு மீட்டர். ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மணிக்கு ஒரு ஹெக்டேர். இது காகிதத்தில் வரும் அளவு. வண்டி ஒரு நொடிகூடத் திரும்பாமல், நிற்காமல், ஓர் அங்குலம்கூட ஒரே இடத்தில் இரண்டு முறை ஓட்டாமல் போனால்தான் இது கிடைக்கும்.

உண்மையில் கிடைப்பது அதில் ஒரு பங்கு. தலைவரப்பில் கலப்பையைத் தூக்கித் திரும்புவதில் நேரம் போகிறது. சால் விடுபடாமல் இருக்க ஓட்டுநர் முந்தைய ஓட்டின் மேல் கொஞ்சம் ஏற்றியே ஓட்டுவார். அதில் அகலம் குறைகிறது. கொழுவில் சிக்கும் தட்டையும் வேரையும் எடுக்க இறங்க வேண்டும். இவையெல்லாம் போக மிஞ்சும் விகிதம் கொத்துக்கலப்பைக்குச் சாதாரணமாக 80 சதவீதத்தை ஒட்டி இருக்கும். விதைப்புக் கருவிக்கு விதையும் உரமும் நிரப்ப அடிக்கடி நிற்க வேண்டியிருப்பதால் 70 சதவீதம் என்று வைப்பது நியாயம்.

இந்த விகிதத்தைக் கருவியைவிட வயலின் நீளமே அதிகம் பாதிக்கிறது. ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் ஐம்பது மீட்டர் நீளப் புஞ்சையை ஒரு முறை கடக்க 36 நொடி ஆகும். திரும்ப 15 நொடி. ஆக வேலை செய்த நேரம் மொத்தத்தில் 71 சதவீதம்தான். அதே வண்டி, அதே ஓட்டுநர், 200 மீட்டர் நீள ஓட்டம் என்றால் 144 நொடி உழவுக்கு 15 நொடி திருப்பம். விகிதம் 91 சதவீதம் ஆகிவிடும். துண்டு துண்டாகக் கிடக்கும் நிலத்தில் பெரிய கருவி வாங்கியவர்களுக்கு எதிர்பார்த்த ஏக்கர் கிடைக்காமல் போவது இதனால்தான். அகலமான கருவி திரும்ப இன்னும் அதிக இடமும் நேரமும் கேட்கும். ஆகவே புத்தகத்து விகிதத்தை அப்படியே எடுக்காமல், ஒரு கைக்கடிகாரத்தோடு வரப்பில் நின்று பத்துத் திருப்பங்களை அளந்து பார்ப்பது நல்லது.

எடுத்துக்கொண்ட நிலத்துக்கு இதைப் பொருத்தலாம். ஒன்பது கலப்பை மணிக்கு 0.8 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கர். முப்பது ஏக்கருக்குப் பதினைந்து மணி நேரம். ஒன்பது வரிசை விதைப்புக் கருவியை நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் மணிக்கு 0.56 ஹெக்டேர், ஏறத்தாழ 1.4 ஏக்கர். அதற்கு 22 மணி நேரம். இரண்டும் சேர்ந்து 37 மணி. கையில் இருக்கும் 35 மணிக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரு நாள் மாலை இருட்டும்வரை ஓட்டினால் முடிந்துவிடும். சிறிய டிராக்டரில் ஐந்து கலப்பையும் ஐந்து வரிசை விதைப்பும் என்றால் உழவுக்கு 27 மணி, விதைப்புக்கு 38 மணிக்கு மேல். மொத்தம் ஒன்பது நாளைத் தாண்டும். கடைசிப் பத்து ஏக்கரில் விதை விழும்போது மண் காய்ந்திருக்கும். ஆக அகலம் இரண்டு மீட்டர் என்பது முடிவாகிறது. எந்த டிராக்டர் என்ற பேச்சே இன்னும் எழவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கரிசலில் மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து வைக்கும் வழக்கமும் உண்டு. அப்படிச் செய்பவர்களுக்கு நாட்கணக்கு தாராளமாகிவிடும். ஆனால் காய்ந்த கரிசலை உழுவதற்கு வேண்டிய இழுவிசை கூடிவிடும். சங்கிலியின் ஒரு கண்ணியைத் தளர்த்தினால் இன்னொன்று இறுகுகிறது.

மண் காட்டும் எதிர்ப்பு

கருவியை முன்னோக்கி இழுத்துச் செல்லத் தேவையான கிடைமட்ட விசைதான் இழுவிசை. மாட்டு ஏரின் நுகத்தடியில் மாடுகள் உணர்ந்ததும் இதைத்தான். மண்ணின் வகை, ஈரம், கொழுவின் வடிவம், உழவின் ஆழம், ஓட்டும் வேகம் ஆகிய ஐந்தும் இதைத் தீர்மானிக்கின்றன. அமெரிக்க வேளாண் மற்றும் உயிரியல் பொறியாளர் சங்கம் வெளியிடும் டி497 என்ற தரவு ஆவணம், ஒவ்வொரு கருவிக்கும் இதை மதிப்பிட எண்கள் தருகிறது. களிமண்ணில் கொத்துக்கலப்பையின் ஒரு கொழு, ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்கு, ஐந்து கிலோமீட்டர் வேகத்தில், 60 நியூட்டன் விசை கேட்கும் என்று அதன் சூத்திரத்திலிருந்து வருகிறது. கிராமத்துக் கணக்கில் அது ஆறு கிலோவுக்குச் சற்று மேல். மணற்பாங்கான நிலமென்றால் இதில் மூன்றில் இரண்டு பங்கு போதும்.

ஒன்பது கொழு, 12 சென்டிமீட்டர் ஆழம் என்றால் மொத்தம் 660 கிலோ விசை வருகிறது. இந்த மதிப்பு மண்ணுக்கு மண் 30 சதவீதம்வரை கூடவோ குறையவோ செய்யலாம். அதனால் இதைத் துல்லியம் என்று எண்ணாமல், ஆரம்ப மதிப்பாக எடுத்துக்கொண்டு நிலத்தில் அளந்து சரிபார்க்க வேண்டும்.

அளப்பது கடினமல்ல. இரண்டு டிராக்டர்கள் வேண்டும். பின்னால் நிற்கும் டிராக்டரில் கலப்பையை மாட்டி, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். முன்னால் நிற்கும் டிராக்டர் அதை ஒரு வடத்தால் இழுக்கும். வடத்தின் நடுவே இழுவிசைமானி. முதலில் கலப்பையை மண்ணில் இறக்கி, நிலையான வேகத்தில் இழுத்து அளவைக் குறிக்க வேண்டும். அடுத்து அதே இடத்தில் கலப்பையைத் தூக்கிவிட்டு இழுத்து, பின்வண்டியை உருட்டிச் செல்ல மட்டும் எவ்வளவு விசை வேண்டியிருந்தது என்று பார்க்க வேண்டும். முதல் அளவிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கலப்பையின் இழுவிசை. மானியின் முள் ஒரே இடத்தில் நிற்காது. கட்டியான இடத்தில் ஏறும், இளகிய இடத்தில் இறங்கும். அந்த ஆட்டத்தைக் கண்ணால் பார்த்த மாணவருக்கு, சராசரி இழுவிசைக்கு மட்டும் போதுமான டிராக்டர் ஏன் வயலில் திணறுகிறது என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆழத்தின் விலை பெரிது. அதே ஒன்பது கலப்பையை 15 சென்டிமீட்டர் ஆழத்தில் ஆறு கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால் இழுவிசை 660-லிருந்து 860 கிலோவைத் தாண்டுகிறது. மூன்று சென்டிமீட்டர் என்பது இரண்டு விரற்கடை அகலம்தான். விதைப்புக்கு முந்தைய உழவில் அந்தக் கூடுதல் ஆழத்தால் மானாவாரிப் பயிருக்கு நன்மை இல்லை; அடிமண் ஈரம் மேலே வந்து காய்ந்து போகும். ஆழம் வேண்டியது கோடை உழவில்.

இழுவிசையிலிருந்து எச்.பி.

விசையோடு வேகமும் சேர்ந்தால் சக்தி. கிலோவில் உள்ள இழுவிசையை மணிக்குக் கிலோமீட்டரில் உள்ள வேகத்தால் பெருக்கி, 270-ஆல் வகுத்தால் குதிரைத்திறன் கிடைக்கும். 660 கிலோ, ஐந்து கிலோமீட்டர் என்றால் 12.2 எச்.பி. இந்த எண்ணைப் பார்த்ததும் முதலில் வியப்புத்தான் வரும். ஒன்பது கலப்பைக்குப் பன்னிரண்டு எச்.பி. போதுமா?

போதாது. இந்த 12.2 என்பது கலப்பை மாட்டிய இடத்தில் வந்து சேர வேண்டிய சக்தி. விலைப்பட்டியலில் அச்சடித்திருப்பது எஞ்சின் சக்தி. இரண்டுக்கும் நடுவே நீண்ட வழி இருக்கிறது. எஞ்சினிலிருந்து பி.டி.ஓ. தண்டுக்கு வரும்போதே ஒரு பங்கு கியர்களில் போகிறது. சக்கரத்துக்குப் போகும் வழியில் இன்னொரு பங்கு. சக்கரம் மண்ணில் சறுக்குவதிலும், மண்ணை அழுத்திக்கொண்டு உருள்வதிலும் மேலும் போகிறது. இதை நினைவில் வைக்க வென்டல் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் தந்த 0.86 விதி மாணவர்களுக்குக் கைகொடுக்கும். ஒவ்வொரு படியிலும் முந்தையதில் 86 சதவீதம் மிஞ்சுகிறது என்பதுதான் அது. எஞ்சினிலிருந்து பி.டி.ஓ. முதல் படி, கான்கிரீட் தளத்தில் இழுப்பது இரண்டாம் படி, கெட்டி மண்ணில் உச்சமாக இழுப்பது மூன்றாவது. அந்த உச்சத்தில் நாள் முழுவதும் ஓட்ட முடியாது என்பதால் நான்காவது படி. அங்கே எஞ்சின் சக்தியில் 55 சதவீதம்தான் மிஞ்சும். ஏற்கெனவே உழுத மண்ணில் 47 சதவீதம். சேறுபோல் இளகிய மண்ணில் 40.

எடுத்துக்காட்டு நிலம் கோடையில் உழுதது. ஆகவே 12.2-ஐ 0.47-ஆல் வகுத்தால் 26 எச்.பி. எஞ்சின். ஆழத்தையும் வேகத்தையும் கூட்டிய இரண்டாவது கணக்கில் கலப்பைக்கு 19 எச்.பி., எஞ்சினுக்கு 41 எச்.பி. ஒரே கலப்பை, ஒரே நிலம். ஓட்டுநரின் கை ஹைட்ராலிக் நெம்புகோலையும் ஆக்சிலரேட்டரையும் வைத்திருக்கும் இடத்தைப் பொறுத்துத் தேவை 26-க்கும் 41-க்கும் நடுவே ஆடுகிறது. 'ஒன்பது கலப்பைக்கு எத்தனை எச்.பி.' என்று பொத்தாம் பொதுவாகக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வருவதற்குக் காரணம் இதுதான். எந்தப் பதிலும் பொய்யில்லை. ஆழமும் வேகமும் சொல்லாததால் எதுவும் முழுமையில்லை.

எச்.பி. என்று அச்சடித்த எண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது என்பதை அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாண விவசாயிகள் நூறு ஆண்டுக்கு முன்பே அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். வில்மட் குரோசியர் என்ற விவசாயி வாங்கிய டிராக்டர் விளம்பரம் சொன்னபடி வேலை செய்யவில்லை. அவர் சட்டமன்ற உறுப்பினரானதும், பரிசோதிக்காத டிராக்டரை மாகாணத்தில் விற்கக் கூடாது என்று 1919-இல் சட்டம் வரக் காரணமாக இருந்தார். அடுத்த ஆண்டிலிருந்து நெப்ராஸ்கா பல்கலைக்கழகம் டிராக்டர்களைப் பரிசோதித்து முடிவுகளை வெளியிடுகிறது. இந்தியாவில் அந்த வேலையைச் செய்வது மத்தியப் பிரதேசத்தில் புத்னியில் இருக்கும் மத்திய பண்ணை இயந்திரப் பயிற்சி மற்றும் பரிசோதனை நிறுவனம். அதன் அறிக்கையில் பி.டி.ஓ. சக்தி, இழுப்புச் சக்தி, ஹைட்ராலிக் தூக்கும் திறன், டீசல் செலவு, எடை எல்லாம் அளந்து கொடுக்கப்பட்டிருக்கும். வண்ணப் படம் போட்ட விளம்பரத் தாளைவிட அந்த அறிக்கையின் நான்கைந்து பக்கங்கள் மேல்.

எடை இல்லாமல் இழுவை இல்லை

26 எச்.பி. போதும் என்று கணக்கு சொன்னாலும், 26 எச்.பி. டிராக்டர் இந்தக் கலப்பையை இழுக்காது. காரணம் எஞ்சினில் இல்லை, டயரில் இருக்கிறது. டயர் மண்ணைப் பிடித்துத் தள்ளுவதால்தான் டிராக்டர் இழுக்கிறது. அந்தப் பிடிமானம் பின்சக்கரத்தின் மேல் இறங்கும் எடையைப் பொறுத்தது. இரு சக்கர இயக்க டிராக்டர் ஒன்று உழுத நிலத்தில் அதிகச் சறுக்கல் இல்லாமல் இழுக்கக்கூடியது தன் மொத்த எடையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து ஐந்தில் இரண்டு பங்குவரை. 660 கிலோ இழுக்க வேண்டுமானால் டிராக்டர் 1,650 முதல் 1,980 கிலோவாவது இருக்க வேண்டும். 26 எச்.பி. வகையில் இந்த எடை கிடைப்பது அரிது. இந்தியச் சந்தையில் 40 எச்.பி.யை ஒட்டிய டிராக்டர்கள் பெரும்பாலும் இந்த எடையில் வருகின்றன.

எடை போதாத டிராக்டரை வயலில் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடலாம். எஞ்சின் சத்தம் சீராக இருக்கும், புகை அதிகமிராது, ஆனால் பின்டயர் சுற்றுகிற அளவுக்கு வண்டி முன்னே போகாது. டயர் பட்டைகளின் அச்சு மண்ணில் தெளிவில்லாமல், தேய்த்துவிட்டதுபோல் கிடக்கும். எஞ்சின் சக்தி போதாத டிராக்டரின் குறி வேறு: டயர் சறுக்காது, எஞ்சின் சத்தம் அடங்கி இறங்கும், கரும்புகை வரும். இந்த இரண்டு நோய்களுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு எடை, இரண்டாவதற்குக் கீழ் கியர், குறைந்த ஆழம், அல்லது பெரிய எஞ்சின். சறுக்கும் டிராக்டரின் சொந்தக்காரர் அடுத்த முறை பத்து எச்.பி. கூடுதலாக வாங்க நினைப்பது, தவறான மருந்துக்குப் பணம் கட்டுவது.

சறுக்கலை அளக்க ஒரு சாக்குக்கட்டியும் அளவுநாடாவும் போதும். பின்டயரின் பக்கவாட்டில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட வேண்டும். கலப்பையைத் தூக்கிக்கொண்டு அதே வயலில் ஓட்டி, கோடு பத்து முறை சுற்றி வரும் தூரத்தை அளக்க வேண்டும். 40 மீட்டர் வருகிறது என்று கொள்வோம். அடுத்து வழக்கமான ஆழத்தில் கலப்பையை இறக்கி உழுதுகொண்டே அதே பத்துச் சுற்று. இப்போது 35 மீட்டர்தான் வந்தால், குறைந்த ஐந்து மீட்டர் நாற்பதில் 12.5 சதவீதம். அதுதான் சறுக்கல். உழுத மண்ணில் 10 முதல் 15 சதவீதம் இருந்தால் நல்லது. அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீணாகின்றன. பின்சக்கரத்தில் இரும்பு எடைக்கட்டி மாட்டவோ டயரில் தண்ணீர் நிரப்பவோ வேண்டும். சறுக்கலே இல்லாமல் ஓடினாலும் மகிழ வேண்டியதில்லை. எடை தேவைக்கு அதிகம் என்று பொருள். அந்த எடை கரிசலை அழுத்திக் கெட்டியாக்கும்.

எடை எவ்வளவு முக்கியம் என்பதைக் கோடை உழவு இன்னும் தெளிவாகக் காட்டும். ஒவ்வொன்றும் 30 சென்டிமீட்டர் அகலம் உள்ள இரண்டு கொழு வளைபலகைக் கலப்பை, 20 சென்டிமீட்டர் ஆழத்தில் பெயர்த்தெடுக்கும் மண்ணின் குறுக்கு வெட்டு 1,200 சதுர சென்டிமீட்டர். களிமண்ணில் நான்கு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு முக்கால் கிலோ விசை. மொத்தம் 900 கிலோ. சக்தியைக் கணக்கிட்டால் கெட்டி மண்ணில் 24 எச்.பி. எஞ்சினே போதும் என்று வருகிறது. ஆனால் 900 கிலோ இழுக்க இரண்டேகால் டன் எடையுள்ள டிராக்டர் வேண்டும். மெதுவாக, ஆழமாக, பலமாக இழுக்கும் வேலைகளில் எச்.பி. தேவைக்கு முன்பே எடை தேவை வந்து நிற்கும். வேகமாக, மேலாக ஓட்டும் வேலைகளில் எச்.பி. முந்திக்கொள்ளும்.

ரோட்டவேட்டருக்கு வேறு கணக்கு

இதுவரை சொன்னவை டிராக்டர் இழுத்துச் செல்லும் கருவிகளுக்கு. ரோட்டவேட்டருக்கு இது பொருந்தாது. அதன் கத்திகளைச் சுழற்றும் சக்தி சக்கரம் வழியாகப் போகாமல், நிமிடத்துக்கு 540 முறை சுற்றும் பி.டி.ஓ. தண்டு வழியாக நேராகப் போகிறது. கத்திகள் டிராக்டர் போகும் திசையிலேயே மண்ணை வெட்டிப் பின்னால் எறிவதால், கருவி வண்டியை முன்னால் தள்ளவும் செய்யும். ஆகவே இங்கே எடை பெரிய தடையில்லை, பி.டி.ஓ. சக்தி எவ்வளவு என்பதே கேள்வி. ஒன்றரை மீட்டர் அகல ரோட்டவேட்டருக்கு 40 எச்.பி. டிராக்டர் பொருத்தம். மூன்று கிலோமீட்டர் வேகத்தில் அது மணிக்கு ஏறக்குறைய 0.9 ஏக்கர் ஓட்டும். ஒன்பது கலப்பையின் பாதி வேகம்கூட இல்லை. மண்ணைப் பொடியாக்குவதில் அதற்கு இணை இல்லைதான். ஆனால் எடுத்துக்கொண்ட நிலத்தில் முப்பது ஏக்கருக்கும் உழவு மட்டுமே 33 மணி பிடிக்கும். விதைக்க நேரம் இராது. நாள் குறைவாக உள்ள மானாவாரிக் கரிசலுக்கு அது முதன்மைக் கருவி அல்ல.

கருவியைத் தூக்க முடியுமா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஹைட்ராலிக் தூக்கும் திறனை, கீழ் இணைப்புக் கைகளின் நுனியிலும் அதற்கு 610 மில்லிமீட்டர் பின்னாலும் அளப்பது வழக்கம். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் பெரிய எண்ணான முதலாவது. விதையும் உரமும் நிரப்பிய விதைப்புக் கருவியின் எடை மையம் நுனியில் இருப்பதில்லை, பின்னால் தள்ளியே இருக்கும்; எனவே இரண்டாவது எண்ணையே பார்க்க வேண்டும். தூக்கிய நிலையில் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் வரப்பேறும்போது முன்பக்கம் எழும்பி ஸ்டியரிங் பிடி கொடுக்காது. இது உயிர் போகும் விஷயம்.

பெரிதாக வாங்கினால் என்ன?

பதினொரு கொழுக் கலப்பையும் 50 எச்.பி. டிராக்டரும் வாங்கினால் இன்னும் விரைவாக முடியாதா என்று தோன்றும். கணக்கு போட்டுப் பார்த்தால் உழவு பதினைந்து மணியிலிருந்து பன்னிரண்டாகக் குறைகிறது. விதைப்புக் கருவி ஒன்பது வரிசையாகவே இருந்தால் விதைப்பின் 22 மணியில் ஒரு நிமிடம்கூடக் குறையாது. மொத்தத்தில் மிச்சம் மூன்று மணி. இரண்டு கருவிகளையும் பதினொன்றாக மாற்றினால்தான் ஏழு மணி, அதாவது ஒரு நாள், மிச்சமாகும். தொடர்ச்சியாகச் செய்யும் வேலைகளில் மெதுவான கருவியே மொத்த வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது. பணத்தை டிராக்டரில் போடுவதைவிட, விதைப்பில் வீணாகும் நேரத்தைக் குறைப்பது மலிவு. விதை மூட்டையை இரண்டு தலைமாட்டிலும் முன்கூட்டியே கொண்டு வைத்து, நிரப்ப ஓர் ஆளை நிறுத்தினால் 70 சதவீத விகிதம் 75 ஆகலாம். அதுவே ஒன்றரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும். செலவு ஓர் ஆள் கூலி.

ஆண்டு முழுவதற்கும் மணிக்கணக்கு பார்ப்பதும் அவசியம். முப்பது ஏக்கரின் உழவு, விதைப்பு 37 மணி. வளைபலகைக் கலப்பையால் கோடை உழவு மணிக்கு அரை ஏக்கருக்குக் குறைவு என்பதால் 60 மணிக்கு மேல். இடையுழவும் வண்டியடிப்பும் சேர்த்தாலும் சொந்த வேலை ஆண்டுக்கு இருநூறு மணியைத் தாண்டுவது கடினம். டிராக்டரின் செலவைக் கணக்கிடும்போது ஆண்டுக்கு ஆயிரம் மணி ஓடும் என்று வைப்பது வழக்கம். மீதி மணிகளுக்கு வெளி வேலை கிடைக்காவிட்டால் கடன் தவணையை அந்த இருநூறு மணியே சுமக்க வேண்டும். வாடகைக்கு எடுப்பது மலிவு என்று இதைப் பார்த்ததும் சொல்லத் தோன்றும். ஆனால் பதம் எல்லோருக்கும் ஒரே நாளில்தான் வருகிறது. ஊரே வாடகை டிராக்டருக்குக் காத்திருக்கும் அந்த ஐந்து நாளில் முறை வருமா என்பது நிச்சயமில்லை. கோடை உழவுக்கு அந்த அவசரம் கிடையாது. சித்திரையில் முடியாவிட்டால் வைகாசியில் முடிக்கலாம்.

ஆகவே இந்த முப்பது ஏக்கர் கரிசலுக்குப் பொருத்தம், 40 எச்.பி.யை ஒட்டிய, 1,900 கிலோ எடையுள்ள இரு சக்கர இயக்க டிராக்டர். அதோடு ஒன்பது கலப்பையும் ஒன்பது வரிசை விதைப்புக் கருவியும். இரண்டேகால் டன் டிராக்டர் கேட்கும் வளைபலகைக் கலப்பையை வாங்க வேண்டியதில்லை. கோடையில் கனமான டிராக்டரோடு வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். நிலம் செம்மண்ணானாலோ, பரப்பு இருபது ஏக்கரானாலோ, பதம் எட்டு நாள் நின்றாலோ விடை மாறும். வாங்கப் போகிறவர் தன் நிலத்தின் பத நாட்களையும் ஓட்டத்தின் நீளத்தையும் உழவின் ஆழத்தையும் ஒரு தாளில் எழுதி எடுத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். போனதும் முதலில் புத்னி பரிசோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கி, அதில் எச்.பி. இருக்கும் வரிக்கு முன்னால் எடை இருக்கும் வரியைப் பார்க்கட்டும்.